பொருள் சேவை வரி வரிசை காட்டிக்கொடுத்த 22 வெள்ளி

வாசகர் கேள்வி:

வணக்கம் அக்கா. அப்பாவின் கைத்தொலைபேசி இணைப்பு என் பெயரில் இருக்கிறது. மே வரை மாதம் 28 வெள்ளிதான் வந்தது. ஜூன் பில் 50 வெள்ளி 3 காசு. செயலியில் இரண்டு மாதத் திரையையும் படம் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன், கூடுதல் எங்கிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. "நான் எதையும் தொடலம்மா" என்கிறார் அப்பா. ஜூனில் நாங்கள் எந்த ஊருக்கும் போகவில்லை. "22 வெள்ளிதானே, கட்டித் தொலை" என்கிறார் வீட்டுக்காரர். 29ஆம் தேதி ஜைரோவில் பிடித்துவிடுவார்கள். இரண்டு படத்தையும் அனுப்பியிருக்கிறேன். நான் எங்கே பார்க்க வேண்டும்?
— ஒரு மகள், உட்லண்ட்ஸ்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கட்டிவிடாதீர்கள், பொறுங்கள். அப்பாவையும் சந்தேகப்படாதீர்கள். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கட்டணப் பிரிவில் 14 ஆண்டு உட்கார்ந்திருந்தேன். "நான் எதையும் தொடலை" என்று சொன்ன பெரியவர்களில் பெரும்பாலானோர் சொன்னது உண்மை. அவர்கள் தொடாமலேயே கட்டணம் ஏறும் வழிகள் உண்டு. உங்கள் பில்லில் அப்படி மூன்று வழி ஒரே மாதத்தில் சேர்ந்துவிட்டன. அதனால்தான் உங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரே ஒரு கட்டணம் கூடியிருந்தால் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள்.

முதலில், படத்தில் எந்த வரிசையை எதோடு ஒப்பிடுவது என்று பார்ப்போம். எல்லாரையும் போல நீங்களும் பெரிய எழுத்தில் தெரியும் "Total amount due" தொகையைத்தான் ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்தத் தொகையில் போன மாதப் பாக்கியும் வந்து உட்காரலாம். நீங்கள் கட்டிய பணம் பில் அச்சாகும் நாளைக்குள் கணக்கில் ஏறாமல் போனால், போன மாதமும் இந்த மாதமும் சேர்ந்தே நிற்கும். உங்கள் இரண்டு படத்திலும் பழைய பாக்கி சுழி என்று இருக்கிறது. ஆகவே 22 வெள்ளி 3 காசு வித்தியாசமும் இந்த மாதத்துக் கட்டணம்தான். அதைப் பிரிக்கலாம்.

செயலியின் திரையில் உங்களுக்குக் கிடைத்தது நான்கே வரிசை. மே மாதத்தில்: "Recurring charges" 25.69, "Usage and other charges" 0.00, "GST @ 9%" 2.31, மொத்தம் 28.00. ஜூனில் அதே நான்கு வரிசையில் 30.69, 16.58, 2.76, 50.03.

உங்கள் திட்டத்தின் விலை 28 வெள்ளி என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் 25.69 என்ற எண்ணே குழப்பும். கடையிலும் விளம்பரத்திலும் சொல்லப்படும் விலை வரியையும் சேர்த்தது. உங்கள் பில்லின் உள்ளே வரி இல்லாத விலையைப் போட்டு, அடியில் வரியை ஒரே வரிசையில் சேர்க்கிறார்கள். 28-ஐ 1.09-ஆல் வகுத்தால் 25.69 வருகிறது. ஆக, திட்டத்தின் விலை ஏறவில்லை. இதை முதலில் உறுதி செய்துகொண்டால் பாதி பதற்றம் போய்விடும்.

இப்போது வரி வரிசையைப் பாருங்கள். பில்லைப் பார்க்கிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இங்கே பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. அப்படியானால் ஜூன் மாத வரி 2.76 எவ்வளவு தொகைமீது போடப்பட்டது? 2.76-ஐ 0.09-ஆல் வகுத்தால் 30.67. அதாவது மேலே இருக்கும் 30.69-தான். இரண்டு காசு வித்தியாசம் வரியை முழுக் காசாக்கும்போது வருவது, அதைப் பொருட்படுத்த வேண்டாம். மாதாந்தரக் கட்டணம் 30.69-க்கு மட்டும் வரி போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வரிசையில் இருக்கும் 16.58-க்கு ஒரு காசுகூட வரி போடவில்லை.

ஏன் போடவில்லை? அப்பா இங்கேயே இருந்து, இங்குள்ள எண்ணுக்குத் திட்டத்துக்கு மேல் பேசியிருந்தாலோ, டேட்டா அளவைத் தாண்டியிருந்தாலோ, அதற்குக் கட்டாயம் 9 விழுக்காடு வரி விழுந்திருக்கும். வெளிநாட்டு அழைப்புக்கும் வெளிநாட்டுக் கட்டமைப்பில் ரோமிங் செய்ததற்கும் வரி சுழிய விழுக்காடு. வேறொரு நிறுவனம் விற்ற பொருளுக்கு உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனம் பணத்தை மட்டும் வசூலித்துக் கொடுத்தாலும் அதன்மீது இவர்கள் வரி போட மாட்டார்கள். ஆகவே 16.58 என்பது இந்த இரண்டு வகையில் ஒன்று, அல்லது இரண்டும் கலந்தது. படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வரலாம்.

மாதாந்தரக் கட்டணத்தில் கூடியதும் படத்திலேயே தெரிகிறது: 30.69-லிருந்து 25.69 போனால் சரியாக 5 வெள்ளி. உருண்டையான தொகை வந்தால் அது பயன்பாட்டுக் கட்டணமாக இருப்பது அபூர்வம். நிமிடத்தையும் மெகாபைட்டையும் பெருக்கினால் பெரும்பாலும் 4.37, 11.92 என்று உடைந்த எண்தான் வரும். முழு 5 வெள்ளி என்றால் ஏதோ ஒரு கூடுதல் சேவை, மாதா மாதம் வரப்போவது. 9 விழுக்காடு வரியோடு அது 5 வெள்ளி 45 காசு.

இந்த இடத்தில்தான் உங்களிடம் பிடிஎஃப் பில்லைக் கேட்டு வாங்கினேன். செயலியின் திரை சுருக்கம்தான், விவரம் பிடிஎஃப்பின் மூன்றாம் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. 16.58 ஏன் ஒற்றை எண்ணாக நின்றது என்பதும் அங்கே தெரிந்துவிட்டது: ரோமிங் அழைப்பு 9.60, மூன்றாம் தரப்புக் கொள்முதல் 6.98. இரண்டையும் கூட்டிச் செயலி ஒரே வரிசையில் போட்டிருக்கிறது. 5.45, 9.60, 6.98 மூன்றையும் கூட்டுங்கள். 22.03. உங்கள் வித்தியாசம் காசு பிசகாமல் வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால் இன்னும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். கணக்கு சரியாக மூடும்வரை நிறுவனத்தை அழைக்காதீர்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். பாதிக் கணக்கோடு அழைத்தால் அந்தப் பாதிக்குத்தான் பதில் கிடைக்கும்.

இனி ஒவ்வொன்றாக.

அந்த 5 வெள்ளி, அழைப்பவரின் எண்ணைத் திரையில் காட்டும் சேவைக்கு. பில்லில் "Caller ID" என்று இருக்கிறது. போன ஆண்டு ஜூனில் ஓராண்டு ஒப்பந்தம் போட்டபோது அதை 12 மாதத்துக்கு இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் 7ஆம் தேதியோடு அந்த 12 மாதம் முடிந்தது, 8ஆம் தேதியிலிருந்து கட்டணம் ஓட ஆரம்பித்துவிட்டது. உங்கள் மின்னஞ்சலில் ஒப்பந்த உறுதிக் கடிதத்தைத் தேடிப் பாருங்கள், இலவசக் காலம் எதுவரை என்று அதில் எழுதியிருக்கும். எழுதியிருந்தால் இது தவறான கட்டணம் இல்லை, நாம் மறந்துபோன கட்டணம். சண்டை போட்டு வாங்க முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

இதை உடனே துண்டித்துவிடலாமே என்று தோன்றும். அப்பாவின் வயதில் வேண்டாம் என்பேன். வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளுக்கு முன்னால் கூட்டல் குறி போட வேண்டும் என்று 2020 ஏப்ரலிலிருந்து இங்கே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். உள்ளூர் எண் போலத் தோற்றம் காட்டும் மோசடி அழைப்பை அந்தக் குறியை வைத்துத்தான் அடையாளம் காண்கிறோம். எண்ணே தெரியாத தொலைபேசியில் அந்தக் குறியும் தெரியாது. வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று எவனாவது பேசினால் அப்பாவுக்கு எந்தத் துப்பும் இருக்காது. மாதம் 5 வெள்ளி 45 காசை மிச்சம் பிடிக்க இந்த ஒரு தடுப்பை எடுத்துவிடக் கூடாது. அதற்குப் பதிலாக, ஒப்பந்தம் முடிந்துவிட்டதைச் சொல்லி, இந்தச் சேவையைச் சேர்த்தே கொடுக்கும் சிம் மட்டும் திட்டத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். இன்று பல திட்டங்களில் அது உள்ளேயே வருகிறது. ஒப்பந்தம் முடிந்த வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம் என்பது அவர்களுக்கும் தெரியும், அதனால் பேசுவதற்கு உங்களுக்கு இது நல்ல நேரம்.

திட்டத்தை மாற்றினால் அடுத்த பில் ஒருமுறை விசித்திரமாக வரும். அதைப் பார்த்து மறுபடி பயந்துவிடாதீர்கள். மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள் அல்லவா, அதனால் பழைய திட்டத்தின் மீதி நாட்களுக்குக் கழிவும், புதிய திட்டத்தில் அதே நாட்களுக்குக் கட்டணமும், அதற்கடுத்த முழு மாதமும் ஒன்றாக வந்து நிற்கும். "Pro-rated" என்று பக்கத்தில் போட்டிருப்பார்கள். கழிவு வரிசை இருக்கும் அந்த மாதத்தில் நான் சொன்ன வரிக் கணக்கு இவ்வளவு சுத்தமாக வராது. அப்போது நேரே பிடிஎஃப்புக்குப் போய்விடுங்கள்.

இரண்டாவது, 9 வெள்ளி 60 காசு. எனக்கு மனவருத்தம் தருவது இதுதான். அப்பா ஒரு நாளும் இந்த ஊரை விட்டுப் போகவில்லை, ஆனாலும் மலேசியாவில் இருந்ததாகக் கட்டணம் போட்டிருக்கிறார்கள்.

பிடிஎஃப்பின் நான்காம் பக்கத்தில் நான்கு வரிசை இருக்கிறது. மே 11, மே 14, மே 23, ஜூன் 2. நேரம் எல்லாமே காலை 6.50-க்கும் 7.20-க்கும் நடுவில். நாடு மலேசியா. அழைப்பின் திசை "Incoming". நிமிடம் முறையே 3, 2, 4, 3. மொத்தம் 12 நிமிடம், நிமிடத்துக்கு 80 காசு, ஆக 9.60. "ஜூனில் எங்கும் போகவில்லை" என்று நீங்கள் எழுதியது சரி, ஆனால் ஜூன் பில்லில் இருக்கும் அழைப்புகளில் முக்கால்வாசி மே மாதத்தவை. மாதக் கட்டணம் வரப்போகும் நாட்களுக்கு, பயன்பாடு கழிந்துபோன நாட்களுக்கு. உங்கள் சுற்று 8ஆம் தேதி தொடங்குகிறது. ஆகவே ஜூன் 8 பில்லில் மே 8 முதல் ஜூன் 7 வரை நடந்த அழைப்புகள்தான் வரும். இது தெரியாமல் தவறான மாதத்தை நினைத்துப் பார்த்து, "அந்த மாதம் நாங்கள் வீட்டில்தான் இருந்தோம்" என்று வாதாடித் தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்பா காலையில் எங்கே நடப்பார் என்று உங்களிடம் கேட்டேன். உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவில், படகுத்துறைப் பக்கம் என்றீர்கள். அப்புறம் எனக்கு வேறு கேள்வியே தேவைப்படவில்லை. அங்கே நின்றால் எதிர்க்கரை ஜோகூர் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். பக்கத்திலிருக்கும் கடற்பாலத்தின் நீளமே ஏறக்குறைய 1 கிலோமீட்டர்தான். தண்ணீருக்கு மேல் அலைவரிசையைத் தடுக்கக் கட்டடம் எதுவும் இல்லை. தானாகக் கட்டமைப்பைத் தேர்ந்தெடுக்கும்படி வைத்திருக்கும் தொலைபேசி, இந்தப் பக்கத்துச் சமிக்ஞை கொஞ்சம் தளர்ந்தால் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தஞ்சாவூரிலிருந்து அத்தை கூப்பிட்டிருக்கிறார், அப்பா எடுத்துப் பேசியிருக்கிறார். இங்கே வரும் அழைப்பு இலவசம், ரோமிங்கில் வரும் அழைப்புக்குக் கட்டணம் உண்டு. அப்பாவின் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.

"ஆனால் நான் ரோமிங்கை நிறுத்தித்தானே வைத்திருக்கிறேன்" என்று நீங்கள் சொன்னதைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். நீங்கள் தொலைபேசியில் நிறுத்தியிருப்பது டேட்டா ரோமிங். அந்தச் சுவிட்ச் இணையத்தை மட்டும் தடுக்கும். குரல் அழைப்பை அது தொடாது. உங்கள் பில்லில் டேட்டா ரோமிங் கட்டணம் ஒரு காசுகூட இல்லாமல் அழைப்புக்கு மட்டும் விழுந்ததற்குக் காரணமும் அதுதான்.

நிரூபிப்பது எப்படி? அப்பாவின் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறங்கள். மலேசியக் கட்டமைப்பில் ஏறினால் பெரும்பாலும் உங்கள் நிறுவனமே வரவேற்புச் செய்தி அனுப்பும், அழைப்புக் கட்டண விவரத்தோடு. அந்த நான்கு தேதிகளில் அதே காலை நேரத்தில் செய்தி வந்திருந்தால் படம் பிடித்து வையுங்கள். அப்பாவின் கடப்பிதழில் அந்த நாட்களில் பயணம் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்தில் ஏறி இறங்கிய செய்தியும், குடிநுழைவு தாண்டாத ஆளும், தற்செயல் ரோமிங் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. இப்படித் தெளிவாக எழுதிக் கேட்டால் முதல் முறை தள்ளுபடி கொடுப்பது வழக்கம். நான் வேலையில் இருந்தபோது நானே பலருக்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டாம் முறை கேட்டால் "போன தடவையே சொன்னோமே" என்பார்கள். அதனால் கேட்கும்போதே தடுப்பையும் போட்டுவிடுங்கள்.

தடுப்பு இரண்டு விதம். ஒன்று, தொலைபேசியிலேயே. அப்பாவுடையது சாம்சுங் என்றீர்கள். "Settings", "Connections", "Mobile networks", "Network operators" என்று போய், "Select automatically" என்பதை அணைத்து, பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தொடுங்கள். பிறகு எதிர்க்கரைக் கோபுரம் எவ்வளவு பலமாக இருந்தாலும் தொலைபேசி அதற்குத் தாவாது. இதில் ஒரு குறை உண்டு. ஊருக்குப் போகும்போது மறந்துவிட்டால் சென்னையில் இறங்கியதும் சமிக்ஞையே இருக்காது. பெரியவர் விமான நிலையத்தில் தவிப்பார். மற்றது, நிறுவனத்திடம் சொல்லி அந்த இணைப்பின் ரோமிங் முழுவதையும், குரலையும் சேர்த்து, அடைக்கச் சொல்வது. அப்பா ஆண்டுக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போகிறார் என்றால் இதுதான் நல்லது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே திறக்கச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்கூட அங்கே வராது.

மூன்றாவது, 6 வெள்ளி 98 காசு. ஜூன் 1ஆம் தேதி கூகல் பிளே வழியாக வாங்கியது என்று பில் சொல்கிறது. கடன் அட்டை இல்லாமல் கைத்தொலைபேசி பில்லிலேயே கட்டும் வசதி அது. தொலைபேசியில் அதை ஒருமுறை இணைத்துவிட்டால் பிறகு ஒரு தொடுகை போதும். இதற்கு உங்கள் நிறுவனம் வரி போடாததன் காரணம், விற்றவர் அவர்கள் இல்லை. வெளிநாட்டிலிருந்து மின்னிலக்கச் சேவை விற்கும் பெரிய நிறுவனங்கள் 2020 ஜனவரி 1 முதல் இங்கே பதிவுசெய்து தாங்களே பொருள் சேவை வரியை வாங்கிவிடுகின்றன. 6.98-இல் வரி ஏற்கெனவே அடக்கம்.

ஜூன் 1ஆம் தேதி பள்ளி விடுமுறை. உங்கள் அண்ணன் பையன் தாத்தாவின் தொலைபேசியில் விளையாடினான் என்று பிறகு எழுதியிருந்தீர்கள். பிள்ளையைத் திட்டாதீர்கள், ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பணம் என்று தெரிய வழியில்லை. அப்பாவின் தொலைபேசியில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் இருக்கும் வட்டத்தைத் தொட்டு, "Payments & subscriptions" என்பதற்குள் போங்கள். வாங்கியதன் பெயரும் தேதியும் அங்கே இருக்கும். அது ஒருமுறை வாங்கியதா, மாதா மாதம் புதுப்பிக்கும் சந்தாவா என்பதுதான் கேள்வி. "Subscriptions" என்ற பகுதியில் அந்தப் பெயர் இருந்தால் சந்தா. உடனே ரத்து செய்யுங்கள். அந்த விளையாட்டுச் செயலியை அழித்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். செயலியை அழித்தாலும் சந்தா ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஜூலை பில்லில் மறுபடி 6.98 வரும்.

பணத்தைத் திரும்பக் கேட்பது கூகலிடம்தான், தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் இல்லை. வாங்கிய 48 மணி நேரத்துக்குள் கேட்டால் எளிது. உங்களுக்கு அது தாண்டிவிட்டது, ஆனாலும் பிள்ளை தெரியாமல் தொட்டதைச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள், கிடைக்கவும் கூடும். தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் கேட்க வேண்டியது வேறு: இந்த இணைப்பில் மூன்றாம் தரப்புக் கொள்முதலை பில்லில் ஏற்றும் வசதியையே அடைத்துவிடுங்கள் என்று. அடைத்தபின் பேரன் எத்தனை தடவை தொட்டாலும் பில்லுக்கு வராது.

இப்போது 29ஆம் தேதி விஷயம். நம் ஊரில் இதற்குத் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி இருக்கிறது, அது உங்கள் பக்கம். கட்ட வேண்டிய கடைசி நாளுக்கு முன்பே இன்ன தொகையை ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிவித்துவிட்டால், விசாரணை முடியும்வரை அந்தத் தொகையை மட்டும் கட்டாமல் வைத்திருக்கலாம். மீதியைக் கட்டியாக வேண்டும். நிறுவனம் 30 நாளுக்குள் பரிசீலித்துப் பதில் தர வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்ட தொகையையும் பில் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் எதிர்த்துக் கேட்கலாம். ஆகவே ஜைரோ பிடித்துவிட்டாலும் வாசல் மூடிவிடாது. ஆனால் பணம் போவதற்கு முன்பே எழுதிவிடுவது நல்லது, திரும்ப வாங்கும் வேலை மிச்சம். ஜைரோவில் 50.03 முழுவதும் போய்விடாமல் இருக்க, பிடிக்கும் தொகையைக் குறைக்க முடியுமா என்று அதே மடலில் கேளுங்கள்.

தொலைபேசியில் பேசாதீர்கள், எழுதுங்கள். பேசினால் அந்தப் பக்கம் பதிவு இருக்கும், உங்கள் பக்கம் ஒன்றும் இருக்காது. மடல் நீளமாகவும் வேண்டாம். இப்படி ஐந்தாறு வரி போதும்: "ஜூன் 8 தேதியிட்ட பில்லில் ரோமிங் உள்வரும் அழைப்புக் கட்டணம் 9.60 வெள்ளியை நான் ஏற்கவில்லை. மே 11, 14, 23, ஜூன் 2 ஆகிய நாட்களில் என் தந்தை உட்லண்ட்ஸ் கடலோரத்தில் இருந்தார், மலேசியாவுக்குச் செல்லவில்லை. வரவேற்புக் குறுஞ்செய்திகளின் படம் இணைத்துள்ளேன். இதைத் தள்ளுபடி செய்து, இந்த இணைப்பில் குரல் ரோமிங்கையும் மூன்றாம் தரப்புக் கொள்முதலையும் அடைத்துவிடுங்கள். என் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அழைப்பவர் எண் சேவை அடங்கிய திட்டங்களையும் தெரிவியுங்கள்." எதை எதிர்க்கிறீர்கள், எதைக் கேட்கிறீர்கள் என்று தனித்தனியே தெரிய வேண்டும். 22.03 முழுவதையும் "தவறான கட்டணம்" என்று எழுதினால், ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த 5 வெள்ளியைக் காட்டி மொத்தத்தையும் மறுத்துவிடுவார்கள்.

படம் இணைக்கும்போது ஒரு கவனம். நீங்கள் எனக்கு அனுப்பியதில் அப்பாவின் எண்ணும் கணக்கு எண்ணும் அப்படியே இருந்தன. நிறுவனத்துக்கு அனுப்பும்போது அவை தேவை, வெளியாள் யாருக்கு அனுப்பினாலும் மறைத்துவிடுங்கள். ஆனால் பில் தேதியையும் அடியில் இருக்கும் வரி வரிசையையும் வெட்டிவிடாதீர்கள். பலர் அழகாக இருக்க வேண்டும் என்று நடுப்பகுதியை மட்டும் வெட்டி அனுப்புகிறார்கள், கணக்குப் போட வேண்டிய இரண்டும் அப்படியே போய்விடுகின்றன. மே மாதத்துப் படத்தில் நீங்கள் முழுத் திரையையும் எடுத்திருந்ததால்தான் 2.31-ஐயும் 2.76-ஐயும் பக்கத்தில் வைத்து என்னால் பார்க்க முடிந்தது.

நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ, சிங்கப்பூர் சமரச நிலையம் தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்களுக்காக 2022 ஏப்ரலிலிருந்து ஒரு தீர்வுத் திட்டம் நடத்துகிறது. முதலில் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டிருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. உங்கள் மடல் அதற்கும் உதவும். 9 வெள்ளி 60 காசுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். அவர் சொல்வது போல இது 22 வெள்ளி இல்லை. அழைப்பவர் எண் சேவை மாதா மாதம், அப்பா நடப்பது தினமும், சந்தாவாக இருந்தால் அதுவும் மாதா மாதம். மூன்றும் இப்படியே ஓடினால் ஓராண்டில் 264 வெள்ளி 36 காசு. அதில் அப்பாவுக்கு ஊருக்குப் போக ஒரு வழிப் பயணச்சீட்டே எடுத்துவிடலாம்.

ஜூலை பில் 8ஆம் தேதி வரும். வந்ததும் இரண்டாவது வரிசை சுழியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஜூன் 8-க்கும் நீங்கள் தடுப்புப் போடும் நாளுக்கும் நடுவில் அப்பா பேசிய அழைப்பு ஏதாவது இருந்தால் அது அதில்தான் வரும். வந்தால் அதே மடலின் தொடர்ச்சியாக அந்தத் தேதியையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள், புதிதாக ஒரு புகார் எழுத வேண்டாம். இன்று சாயங்காலமே அப்பாவின் தொலைபேசியில் கட்டமைப்பை மாற்றிவிடுங்கள், நாளைக் காலை அவர் நடக்கப் போவதற்கு முன்னால்.

அன்புடன்,
அக்கா